ஆபீஸ் சிஸ்டம், இன்டர்நெட் பயன்பாட்டு விதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, வேலூர் பக்கத்துச் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கும் கம்ப்யூட்டரும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. தோல் யூனிட், ஷூ அப்பர் தைக்கும் யூனிட், மருத்துவமனை அருகே லாட்ஜ், ரத்தப் பரிசோதனை லேப் என்று இடம் எதுவானாலும், ஸ்டாஃப் சிஸ்டம்களுக்கு விதி எழுத உட்கார்ந்தால் ஓனர்களும் ஸ்டாஃபும் கேட்கும் சந்தேகங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"எங்க ஆபீஸ்ல மொத்தமே பத்துப் பேர்தான் சார். வாயால சொன்னா போதாதா, எழுதி வேற வைக்கணுமா?"

எல்லாம் ஒழுங்காக நடக்கிற வரை வாயால் சொன்னது போதும். சிக்கல் வரும் நாளில் போதாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. அதன் 41-ஆவது பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்க முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்ப வேண்டுமானால், அதற்கென்று விசாரணை நடத்தி, சாட்சியம் பதிவாகியிருக்க வேண்டும். தொழிற்சாலையின் குமாஸ்தாப் பிரிவும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. ஆகவே "எங்களுடையது பேக்டரிதானே" என்று ஆபீஸ் ஸ்டாஃப் விஷயத்தில் ஒதுங்கிவிட முடியாது.

விசாரணையில் அந்த ஊழியர் முதலில் கேட்கப்போவது, "இதைச் செய்யக் கூடாதுன்னு எனக்கு யார் சொன்னாங்க?" என்பதுதான். தேதியும் கையெழுத்தும் உள்ள தாள் ஒன்று இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சிறு நிறுவனத்துக்கு இரண்டு பக்கம் தாராளமாகப் போதும். பத்துப் பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்; படிக்கவில்லை என்பதையே பிறகு காரணமாகவும் சொல்வார்கள்.

"நெட்ல ரெடிமேடா நிறைய கிடைக்குதே. கம்பெனி பேரை மட்டும் மாத்திப் போட்டுக்கலாமா?"

போட்டுக்கொள்ளலாம், ஆனால் அமலாகாது. அவற்றில் பெரும்பாலும் "முறையற்ற இணையதளங்களைப் பார்க்கக் கூடாது", "அதிகமாகச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது", "கவனமாக நடந்துகொள்ள வேண்டும்" என்றுதான் இருக்கும். முறையற்றது எது, எவ்வளவு செய்தால் அதிகம்? ஓனர் ஒன்று நினைப்பார், ஸ்டாஃப் ஒன்று நினைப்பார், விசாரிப்பவர் மூன்றாவதாக ஒன்று நினைப்பார்.

ஒவ்வொரு வரியையும் நான் ஒரே ஒரு சோதனைக்கு உட்படுத்துவேன். நடந்ததைச் சொல்லி, அந்த வரியைக் காட்டி, இருவரிடம் தனித்தனியாகக் கேட்டால் "மீறினார்" அல்லது "மீறவில்லை" என்று ஒரே பதில் வர வேண்டும். "அதிகமாகச் சொந்த வேலை" என்ற வரி இதில் தேறாது. "ஆபீஸ் சிஸ்டத்தில் சொந்த வேலைக்கு இணையத்தை மதிய இடைவேளையில் மட்டும் பயன்படுத்தலாம், வீடியோ, விளையாட்டு, பந்தயத் தளங்கள் அப்போதும் கிடையாது" என்பது தேறும். அதேபோல, "கம்பெனித் தகவலைப் பாதுகாக்க வேண்டும்" என்பதற்குப் பதிலாக, "விலைப்பட்டியல், பையர் முகவரிகள், சம்பள விவரம், வாடிக்கையாளரின் அடையாள அட்டை நகல் ஆகியவற்றைச் சொந்த மெயிலுக்கோ சொந்த போனுக்கோ சொந்த பென்டிரைவுக்கோ அனுப்பக் கூடாது, தேவைப்பட்டால் மேனேஜரிடம் மெயிலில் அனுமதி பெற வேண்டும்" என்று எழுதுங்கள். நீளம் கொஞ்சம் கூடும், ஆனால் வாதத்துக்கு இடம் இருக்காது.

இன்னொன்றும் பாருங்கள். மீறினால் நமக்குத் தெரியவரும் வழி இல்லாத விதியை எழுதவே வேண்டாம். கண்டுபிடிக்க முடியாத விதி ஒன்று இருந்தால், மற்ற விதிகளையும் ஸ்டாஃப் அதே கணக்கில்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"சரி சார், எழுதறதுக்கு முன்னாடி முதல்ல செய்ய வேண்டியது எது?"

ஆளுக்கு ஒரு லாகின். இது இல்லாமல் மற்றதைப் பேசுவதே வீண். இந்தப் பக்கம் நான் பார்க்கும் ஆபீஸ்களில் மூன்று பேர், நான்கு பேர் ஒரே டேலி லாகினில் வேலை பார்ப்பது சாதாரணம். பாஸ்வேர்டு மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். ஒரு வவுச்சரை யாரோ மாற்றிவிட்டால், யார் என்று சொல்ல முடியாது. நால்வரும் "நான் இல்லை" என்பார்கள். அதில் மூவர் சொல்வது உண்மை. அந்த மூவரையும் சந்தேகத்தில் நிறுத்துவது ஓனர் அவர்களுக்குச் செய்யும் அநியாயம். தனி லாகின் ஸ்டாஃபுக்கும் பாதுகாப்பு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்ப்பு பாதியாகக் குறையும்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், எந்தப் பதிவை எப்போது மாற்றினார்கள் என்ற தடத்தை அணைக்க முடியாதபடி வைத்திருக்கும் கணக்கு மென்பொருளைத்தான் கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும். டேலியில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் பயனர்களைத் தனித்தனியாக உருவாக்காவிட்டால், மாற்றம் நடந்தது தெரியும், மாற்றியவர் யார் என்பது தெரியாது.

விண்டோஸிலும் அப்படித்தான். ஸ்டாஃப் கணக்கு சாதாரணப் பயனர் கணக்காக இருக்க வேண்டும், அட்மின் கணக்காக இருக்கக் கூடாது. ஒவ்வொரு சிஸ்டத்திலும் யார் யாருக்கு அட்மின் உரிமை இருக்கிறது என்று பார்க்க, கமாண்ட் ப்ராம்ட்டில் இதைத் தட்டினால் போதும்:

```
net localgroup Administrators
```

வரும் பட்டியலில் தினசரி வேலை பார்க்கும் ஸ்டாஃப் பெயர் இருந்தால், "மென்பொருள் எதையும் நிறுவக் கூடாது" என்ற உங்கள் விதி தாளில் மட்டும்தான் இருக்கிறது. அந்த உரிமையை எடுத்துவிட்டால், பெரும்பாலான மென்பொருள்களைச் சிஸ்டமே அட்மின் பாஸ்வேர்டு கேட்டுத் தடுத்துவிடும்.

"என் பாஸ்வேர்டை ஓனர் கேட்கிறார். கொடுக்கணுமா?"

வேண்டாம். பெரிய எழுத்தில் விதியில் சேருங்கள்: "பாஸ்வேர்டை ஓனர், மேனேஜர் உட்பட யாரிடமும் சொல்லக் கூடாது, யாரும் கேட்கவும் கூடாது." ஓனருக்கு உங்கள் சிஸ்டத்தில் உள்ள ஃபைல் தேவைப்பட்டால், அவரிடம் உள்ள அட்மின் கணக்கால் திறந்துகொள்ளலாம் அல்லது உங்கள் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றினால் அது பதிவாகும், உங்களுக்கும் தெரியும். அட்மின் பாஸ்வேர்டைக் கவரில் போட்டு ஒட்டி, ஓனரின் பீரோவில் வைப்பது சிறு நிறுவனத்துக்கு நல்ல வழி.

காரணம் எளிது. உங்கள் பாஸ்வேர்டு இன்னொருவருக்குத் தெரிந்த அன்றே, முந்தைய பதிலில் சொன்ன தனி லாகினின் பலன் போய்விடுகிறது. இன்னொருவருடைய பாஸ்வேர்டை மோசடி எண்ணத்தோடு பயன்படுத்துவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. லீவில் இருக்கும்போது போனில் ஓடிபி சொல்வதும் இதே விதிக்குள்தான் வரும். அவசரத்துக்கு ஆள் வேண்டுமென்றால் இரண்டாவது ஆளுக்கு அவர் பெயரிலேயே உரிமை கொடுங்கள்.

"யூடியூப், கிரிக்கெட், ஷாப்பிங்... மொத்தமா தடை போட்டுட்டா வேலை சுலபம்தானே?"

மொத்தத் தடை முதல் வாரமே உடைந்துவிடும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்ட, காட்பாடியிலிருந்து ரயில் டிக்கெட் எடுக்க, கரண்ட் பில் கட்ட என்று யாராவது ஒருவர் திறப்பார். ஓனர் பார்த்தும் பேசாமல் இருப்பார். பிறகு வேறொருவர் மேல் அதே விதியைக் காட்டினால், "அவரை விட்டீங்க, என்னை மட்டும் பிடிக்கிறீங்க" என்ற பேச்சு வரும். அதில் நியாயமும் இருக்கும். ஆளைப் பார்த்து அமலாகும் விதி விசாரணையில் நிற்காது.

ஆகவே மேலே எழுதியதுபோல் மதிய இடைவேளையை விட்டுக்கொடுங்கள். வீடியோ, பந்தயம், ஆபாசம், பைல் பகிரும் தளங்களை ரூட்டரிலேயே தடுத்துவிடுங்கள். ஸ்டாஃபின் சொந்த போன்களுக்கு விருந்தினர் வைஃபை என்று தனி நெட்வொர்க் கொடுங்கள். இப்போது விற்கும் பெரும்பாலான ரூட்டர்களில் அந்த வசதி இருக்கிறது. அதனால் போனில் வரும் வைரஸ் டேலி இருக்கும் சிஸ்டத்தின் பக்கம் போக வழி குறையும். வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த டீக்கடைப் பையனும் கணக்கு சிஸ்டத்தை எட்ட முடியாது.

"வாட்ஸ்அப் இல்லாம எங்க தொழிலே நடக்காது சார். அதுக்கு என்ன விதி போடறது?"

உண்மைதான். தோல் சாம்பிள் படம், கலர் ஒப்புதல், லாரி நம்பர் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. தடுக்கவும் வேண்டாம், தடுக்கவும் முடியாது. விதி ஒன்றே ஒன்று: வேலை விஷயம் கம்பெனி நம்பரில் மட்டும். சிம் கம்பெனி பெயரிலோ ஓனர் பெயரிலோ இருக்க வேண்டும், அந்த நம்பரில் பிசினஸ் வாட்ஸ்அப் போட வேண்டும். ஒரு போனோடு நான்கு சிஸ்டம் வரை இணைக்கலாம் என்பதால் சிறு ஆபீசுக்கு ஒரு நம்பரே போதும்.

இதைச் செய்யாத இடங்களில், மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போகும்போது பையரோடு நடந்த ஐந்து வருடப் பேச்சும் அவர் சொந்த போனிலேயே போய்விடுகிறது. அவர் எதையும் திருடவில்லை. அவருடைய போன், அவருடைய நம்பர். அந்த போனை வாங்கிப் பார்க்கவோ அழிக்கச் சொல்லவோ ஓனருக்கு உரிமை கிடையாது. விதியில் "தேவைப்பட்டால் ஊழியரின் சொந்த போனைச் சோதிப்போம்" என்று எழுதிக் கொண்டு வருகிறார்கள். நான் அடித்துவிடுவேன். அவர் மறுத்தால் அடுத்து செய்ய ஒன்றும் இல்லை.

"பார்ட்டி பென்டிரைவ்ல டிசைன் கொண்டு வர்றாங்க. அதை இன்னா பண்றது?"

ஒரே ஒரு சிஸ்டத்தில் மட்டும் போட அனுமதியுங்கள். அதில் டேலியும் பேங்க் வேலையும் இருக்கக் கூடாது. அங்கே ஸ்கேன் செய்து, தேவையான ஃபைலை மட்டும் பொது ஃபோல்டருக்கு மாற்ற வேண்டும். மற்ற சிஸ்டங்களில் பென்டிரைவ் வேலை செய்யாதபடி பூட்டிவிடலாம்.

"ஓனர் எங்க ஸ்கிரீனை எங்களுக்குத் தெரியாம பார்க்கறார்னு பேசிக்கிறாங்க. அது சரியா?"

சிஸ்டம் கம்பெனியுடையது என்பதால் அதில் நடப்பதைப் பதிவு செய்ய ஓனருக்கு இடம் உண்டு. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வேலை சம்பந்தமாகவும், நிறுவனத்தை நஷ்டத்திலிருந்து காக்கவும் ஊழியர் தரவைக் கையாள 7-ஆவது பிரிவில் இடம் தருகிறது. ஆனால் தெரியாமல் பார்ப்பதற்கு நான் உடன்படுவதில்லை. எதைப் பதிவு செய்கிறோம், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்போம் என்ற மூன்றையும் விதியில் எழுத வேண்டும். சொல்லிவிட்டுப் பார்த்தால் அது சாட்சியம். சொல்லாமல் பார்த்தால் ஸ்டாஃபின் மனது முறிவதுதான் மிச்சம். பலர் அதன் பிறகு முக்கியமான வேலையையும் சொந்த போனுக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

நான் எழுதித் தருவது இப்படி: "கம்பெனி சிஸ்டத்தில் லாகின் நேரம், திறந்த இணையதளங்களின் பெயர், கம்பெனி மெயில், பென்டிரைவ் பயன்பாடு ஆகியவை பதிவாகும். புகார் வந்தால் மட்டும் ஓனரும் மேனேஜரும் சேர்ந்து பார்ப்பார்கள். 180 நாள் வைத்திருக்கப்படும்." அந்த 180 நாள் சும்மா வந்த எண் அல்ல. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவில் சிஸ்டம் பதிவுகளை அத்தனை நாள் வைத்திருக்கச் சொல்கிறது. சாதாரண ரூட்டர் பலவற்றில் கரண்ட் போய் வந்தாலே பதிவு அழிந்துவிடும். அதனால் பதிவுகளை ஒரு சிஸ்டத்தில் சேமிக்கும்படி அமைத்த பிறகே இந்த வரியை எழுத வேண்டும்.

தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பிடிக்கும் மென்பொருள் வேண்டாம். மதிய இடைவேளையில் ஒருவர் தன் பேங்க் பக்கத்தைத் திறந்தால் அவருடைய பாஸ்வேர்டும் அதில் விழும். நாளைக்கு அவர் கணக்கில் பணம் போனால் முதல் சந்தேகம் உங்கள் ஆபீஸ் மேல்தான் வரும். கேமராவையும் மைக்கையும் ரகசியமாகத் திறப்பது பேச்சுக்கே இடமில்லை.

"கெமிக்கல் சப்ளையர்கிட்ட இருந்து 'பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு'ன்னு மெயில் வந்துது. ஸ்டாஃப் அதுலயே பணம் போட்டுட்டார். இதுக்கும் விதி இருக்கணுமா?"

மற்ற எந்த விதியை விட்டாலும் இதை விடாதீர்கள். வெட்டி இணையம் பார்ப்பதால் நேரம் போகும். இதில் ஒரே நாளில் பணமே போய்விடும். இது நடக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் விதி தானாக வரும். மோசடிக்காரன் உங்கள் மெயிலிலோ சப்ளையர் மெயிலிலோ முன்பே நுழைந்து சில வாரம் படித்திருப்பான். எந்த பில், எவ்வளவு தொகை, எப்போது கெடு என்று அவனுக்குத் தெரியும். சரியான நேரத்தில், அதே பழைய மெயில் தொடரிலேயே, அதே கையெழுத்துப் பகுதியோடு எழுதுவான். முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். m இருக்க வேண்டிய இடத்தில் r, n இரண்டும் ஒட்டி நிற்கும். அவசரத்தில் யார் கண்ணிலும் படாது. ஆகவே "மெயிலைக் கவனமாகப் பார்க்க வேண்டும்" என்று எழுதிப் பயன் இல்லை. மிகக் கவனமானவரும் ஏமாறுவார்.

எழுத வேண்டியது ஒரு செயல்: "சப்ளையரின் பேங்க் விவரம் மாறியதாக எந்த வழியில் தகவல் வந்தாலும், பழைய பில்லில் அச்சிட்டிருக்கும் போன் நம்பருக்குப் பேசி உறுதி செய்ய வேண்டும். மெயிலில் தந்த நம்பருக்குப் பேசக் கூடாது. பேசியவர் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றைப் பேமென்ட் வவுச்சரில் எழுத வேண்டும். ஒருவர் பதிவு செய்ய, வேறொருவர் ஒப்புதல் தர வேண்டும்." வவுச்சரைப் புரட்டினால் விதியைப் பின்பற்றினாரா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். முன்பு சொன்ன சோதனையில் இது முழுதாகத் தேறும்.

பணம் போய்விட்டால் யாரையும் திட்டிக்கொண்டு நிற்க நேரமில்லை. உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள், cybercrime.gov.in பக்கத்தில் புகாரைப் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான். செர்ட்-இன் உத்தரவிலும் சைபர் சம்பவத்தைத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறது. அதனால் விதியில் இதையும் சேருங்கள்: "தவறான லிங்கைத் தொட்டதை, தவறாகப் பணம் அனுப்பியதை அன்றே தானாகச் சொல்பவர் மேல், அந்தத் தவறுக்காக மட்டும் நடவடிக்கை இருக்காது." பயந்து மறுநாள் வரை மறைத்து வைக்கும் ஊழியரால் வரும் நஷ்டம்தான் பெரியது.

"அந்த நஷ்டத்தை அவர் சம்பளத்துல பிடிச்சுக்கலாமா? ரூல் மீறினா இவ்வளவு ஃபைன்னு போட்டுடலாமா?"

நினைத்தபடி பிடிக்க முடியாது. 1936-இன் பழைய சம்பளச் சட்டத்திலும் சரி, 2019-இன் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் சரி, நஷ்டத்துக்குப் பிடிப்பது என்றால் அது அவர் பொறுப்பில் ஒப்படைத்த பொருளாகவோ அவர் கணக்குக் காட்ட வேண்டிய பணமாகவோ இருக்க வேண்டும். அவருடைய அலட்சியத்தால் போனதாகவும் இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் விளக்கம் கேட்க வேண்டும், நஷ்டத்துக்கு மேல் பிடிக்கவும் கூடாது. மேலே சொன்ன போன் விதி எழுத்தில் இல்லாத ஆபீசில், ஓனரே "சீக்கிரம் போட்டுவிடு" என்று சொல்லியிருந்தால், அலட்சியம் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

ஃபைன் இன்னும் இறுக்கமானது. எந்தெந்தச் செயலுக்கு ஃபைன் என்ற பட்டியலுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும், அது நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். அதன் பிறகும் ஒரு சம்பள காலத்தில் சம்பளத்தின் 3 சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது. "யூடியூப் பார்த்தால் 500 ரூபாய்" என்று எழுதி ஒட்டியிருக்கும் ஆபீஸ்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளை ஒரு ஊழியர் போட்டோ எடுத்துத் தொழிலாளர் துறைக்குக் கொண்டுபோனால் பதில் சொல்ல வேண்டியவர் ஓனர்தான். எச்சரிக்கைக் கடிதம், இணைய உரிமையைக் குறைப்பது, விசாரணை என்ற படிகள் போதும்.

"சிஸ்டத்துல கிராக் போட்ட சாஃப்ட்வேரை ஓனரே போடச் சொன்னார். நாளைக்கு மாட்டினா நானா, அவரா?"

பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டர் மென்பொருளைப் பயன்படுத்துபவரைப் பற்றிப் பேசுகிறது. ஏழு நாளிலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். "தெரிந்தே பயன்படுத்துபவர்" என்பதில் நீங்களும் வரலாம். ஆகவே போடுவதற்கு முன், "இதற்கு லைசென்ஸ் இருக்கிறதா சார்?" என்று மெயிலில் ஒரு வரி கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் போதும்.

ஓனர்களுக்கு நான் சொல்வது, ஆபீசில் உள்ள திருட்டு நகல்களை எடுத்துவிட்டு விதியில் கையெழுத்து வாங்குங்கள். கிராக் போடும்போது வைரஸ் பாதுகாப்பை அணைக்கச் சொல்லும். அணைத்த சிஸ்டத்தில்தான் நீங்கள் பேங்க் வேலையும் பார்க்கிறீர்கள்.

"ஒருத்தர் விலைப்பட்டியலைத் தன் ஜிமெயிலுக்கு அனுப்பிட்டார்னு தெரிஞ்சுது. இப்போ படிப்படியா இன்னா செய்யணும்?"

ஆம்பூரில் ஒரு ஷூ அப்பர் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மெர்ச்சண்டைசர் வெள்ளிக்கிழமை மாலை பையர் விலைப்பட்டியலைக் கம்பெனி மெயிலிலிருந்து தன் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதை அழித்துவிட்டார். திங்கட்கிழமை மேனேஜருக்குச் சந்தேகம் வருகிறது. முதலில் செய்யக் கூடாதது, அவர் சிஸ்டத்தைத் திறந்து தேடுவது. தேடினால் ஃபைல் நேரங்கள் மாறும். "மேனேஜர்தான் என் லாகினில் அனுப்பினார்" என்று சொல்லவும் வழி பிறக்கும். சிஸ்டத்தை அப்படியே ஒதுக்கி வைத்து, வேலைக்கு வேறு சிஸ்டம் கொடுங்கள்.

கம்பெனி டொமைனில் மெயில் இருந்தால், அனுப்பியவர் அழித்தாலும் நிர்வாகப் பக்கத்தின் பதிவில் அனுப்பிய நேரமும் பெறுநர் முகவரியும் இருக்கும். இந்தப் பதிவுகள் குறிப்பிட்ட காலம் வரைதான் கிடைக்கும் என்பதால் அன்றே எடுத்துவிடுங்கள். எல்லோரும் ஒரே இலவச ஜிமெயிலைப் பகிரும் ஆபீசில் இந்தப் பதிவு கிடையாது, வழக்கும் அங்கேயே முடிந்துவிடும். எடுத்த பதிவை இரண்டு பேர் முன்னிலையில் பிரின்ட் எடுத்து, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். நீதிமன்றம் வரை போனால் மின்னணுப் பதிவுக்கு, 2023-இன் சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழும் தேவைப்படும்.

அடுத்து அவருக்குக் கடிதம். எந்த விதி, எந்தத் தேதி, எந்த நேரம், எந்த ஃபைல் என்று எழுதி, விளக்கத்துக்கு ஏழு நாள் கொடுங்கள். "திருடினாய்" என்ற சொல் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள். "வீட்டில் உட்கார்ந்து கொட்டேஷன் போட அனுப்பினேன், மேனேஜரிடம் போனில் சொன்னேன்" என்று அவர் பதில் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். மேனேஜரிடம் கேளுங்கள், அன்று கொட்டேஷன் போனதா என்று பாருங்கள். போயிருந்தால், அனுமதி மெயிலில் இல்லை என்பது மட்டும்தான் மீறல், ஓர் எச்சரிக்கை போதும். கொட்டேஷனும் இல்லை, அனுப்பியதை அழிக்கவும் செய்தார் என்றால், இந்த விவகாரத்தில் சம்பந்தப்படாத ஒருவரை விசாரிக்க வையுங்கள். சாட்சி சொல்வதையும் ஊழியர் மறுப்பதையும் அவர் எழுதி, அந்த இருவர் கையெழுத்தும் வாங்கட்டும். அதன் பிறகே உத்தரவு. இவ்வளவும் செய்தால்தான் முதல் பதிலில் சொன்ன 41-ஆவது பிரிவின் கீழ் அவர் மேல்முறையீட்டுக்குப் போனாலும் உங்கள் முடிவு நிற்கும்.

"ஸ்டாஃப் கையெழுத்துப் போட மாட்டேன்னா?"

முதலில் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் தாள் இங்கிலீஷில் இருக்கும், அல்லது "என் போனைச் சோதிப்பாங்க" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தமிழில் கொடுங்கள்; உருது படிப்பவர்கள் அதிகம் உள்ள ஆபீசில் உருதுவிலும் ஒரு நகல் வைக்கலாம். "படித்தேன், புரிந்தது" என்பதற்கான கையெழுத்துதான் இது, எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அர்த்தமில்லை என்று விளக்குங்கள். அப்புறமும் மறுத்தால், நகலைக் கம்பெனி மெயிலில் அனுப்பி, மறுத்ததை இரண்டு சாட்சியோடு குறித்து வைத்தால் போதும். தெரியப்படுத்தியது பதிவாகிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை, விதி மாறும் ஒவ்வொரு முறையும் புதுத் தேதியோடு மறுபடி வாங்குங்கள்.

"ஓனர் மகன் ஆபீஸ் சிஸ்டத்துல கேம் விளையாடறார். விதி அவருக்கும் உண்டா?"

உண்டு என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்: "இந்த விதி ஓனர், பங்குதாரர், குடும்பத்தினர், ஆடிட்டர் ஆபீசிலிருந்து வருபவர், சர்வீஸ் ஆள் என்று கம்பெனி சிஸ்டத்தைத் தொடும் எல்லோருக்கும் பொருந்தும்." அப்படி எழுத மனமில்லாத ஓனரிடம், மகனுக்கென்று தனி லேப்டாப் வாங்கி விருந்தினர் வைஃபையில் போடச் சொல்வேன். மகன் உட்காரும் சிஸ்டமும் டேலி சிஸ்டமும் ஒன்றாக இருக்கும் வரை, யூடியூப் பற்றிய பதிலில் சொன்ன "என்னை மட்டும்" என்ற வாதம் ஒவ்வொரு விசாரணையிலும் வரும்.

"வேலையை விட்டுப் போறவர் விஷயத்துல மறக்கக் கூடாதது எது?"

கடைசி நாள் மாலை அவர் கிளம்புவதற்குள் லாகினை முடக்க வேண்டும். அழிக்க வேண்டாம், பழைய பதிவுகளோடு அவர் பெயர் இருக்கட்டும். கம்பெனி வாட்ஸ்அப்பில் இணைந்த சிஸ்டங்களின் பட்டியலைத் திறந்து அவருடையதை நீக்க வேண்டும். மெயில், டேலி, ஜிஎஸ்டி பக்கம், பேங்க் ஆகியவற்றில் அவர் போன் நம்பர் ஓடிபிக்குப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆள் போய் ஆறு மாதம் கழித்து ரிட்டர்ன் போடும் கடைசி நாளில் அவருக்கு ஓடிபி போகும், அவரைக் கெஞ்ச வேண்டியிருக்கும். வைஃபை பாஸ்வேர்டையும் அன்றே மாற்றுங்கள். செய்து முடித்ததை ஒரு தாளில் எழுதி அவரும் நீங்களும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு அவர் லாகினில் எது நடந்தாலும் அது அவர் செய்ததல்ல என்பதற்கு அவருக்கும் அந்தத் தாள்தான் ஆதாரம்.